டேட்டிங், மேட்ரிமோனி தளங்களில் முதல் மெசேஜில் எதை எழுதினால் பதில் வரும்: பாராட்டா, சுயவிவரமா, கேள்வியா?

வெறும் "ஹாய்" அனுப்புவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதில் தவறான வார்த்தை எதுவும் இல்லைதான். ஆனால் பேச்சைத் தொடங்கும் வேலையை முழுக்க எதிராளியின் தலையில் கட்டிவிடுகிறது. அதே நாளில் இன்னும் பல "ஹாய்"கள் வந்திருக்கும் இன்பாக்ஸில், அந்த வேலையை யாருக்காகச் செய்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மிச்சமிருப்பவை மூன்று: தோற்றத்தைப் பாராட்டுவது, தன்னைப் பற்றி நீளமாக எழுதுவது, புரொஃபைலில் இருக்கும் ஒரு வரியைப் பிடித்துக் கேள்வி கேட்பது. ஒரே புரொஃபைலை வைத்து மூன்றையும் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஒரு பெண் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வாசிப்பு, பயணம், இசை பிடிக்கும். போன வருஷம்தான் நீச்சல் கத்துக்கிட்டேன். ஆழமான பக்கம் போக இன்னும் பயம்."

முதல் ஆள் எழுதுகிறார்: "உங்க சிரிப்பு ரொம்ப அழகா இருக்கு." இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இதற்கு என்ன பதில் சொல்வது? "நன்றி" என்று போடலாம், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். முகம் தெரியாத ஒருவர் முதல் வரியிலேயே தோற்றத்தைப் பேசினால் பலருக்குச் சங்கடமும் வரும். ஓகேகுபிட் என்ற டேட்டிங் தளம் 2009-ல் தன் பயனர்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முதல் மெசேஜ்களை அலசி வெளியிட்டது. அழகைப் புகழும் சொற்கள் பதில் வரும் வாய்ப்பைக் குறைத்தன. புரொஃபைலில் இருந்த குறிப்பிட்ட விஷயத்தைத் தொட்டவை கூட்டின. அதே அலசலில் வெறும் "ஹாய்"யும் மோசமான தொடக்கங்களில் ஒன்றாகத்தான் வந்தது. ஒரு தளம், ஒரு காலகட்டம் என்ற வரம்பு இதற்கு உண்டு. ஆனாலும் காரணம் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டாம் ஆள் உழைப்பாளி. படிப்பு, வேலை, குடும்பம், பொழுதுபோக்கு, எதிர்பார்ப்பு என்று மூன்று பத்தி எழுதி, "உங்களுக்கு விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்" என்று முடிக்கிறார். மேட்ரிமோனி தளங்களில் இந்த வகைதான் அதிகம். அக்கறையோடு எழுதியதுதான், ஆனால் படிப்பவருக்கு அப்படித் தெரியாது. அதில் இருப்பது எல்லாம் எழுதியவருடைய புரொஃபைலிலேயே இருக்கிறது. போதாததற்கு, அந்த மூன்று பத்தியையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் வேறு யாருக்கும் அனுப்பலாம். அதனால் காப்பி பேஸ்ட் போலத் தெரிகிறது, உட்கார்ந்து புதிதாகவே எழுதியிருந்தாலும்.

நீளம் அக்கறையைக் காட்டும் என்ற நம்பிக்கைக்கும் பெரிய ஆதாரம் இல்லை. எலிசபெத் புரூச், மார்க் நியூமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நான்கு நகரங்களின் டேட்டிங் தரவுகளை ஆராய்ந்து 2018-ல் கட்டுரை வெளியிட்டார்கள். தங்களைவிட அதிகம் விரும்பப்படுபவர்களுக்கு எழுதும்போது மக்கள் மெசேஜை நீட்டுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. நீட்டியதற்கான பலன் சியாட்டில் தவிர மற்ற நகரங்களில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

மூன்றாம் ஆள் எழுதுகிறார்: "வணக்கம். போன வருஷம் நீச்சல் கத்துக்கிட்டதா எழுதியிருந்தீங்க. நானும் பெரியவனான அப்புறம்தான் கத்துக்கிட்டேன், தண்ணிக்குள்ள மூச்சு விடறதுக்கே ரொம்ப நாள் திணறினேன். உங்களுக்கு எது பிடிபட நாளாச்சு, மூச்சா, மிதக்கிறதா?"

என் ஓட்டு இதற்குத்தான். இதில் மூன்று வேலை நடக்கிறது. வணக்கத்தை அடுத்து நேராக நீச்சலுக்கு வந்துவிடுவதால், நோட்டிபிகேஷனில் தெரியும் முதல் சில சொற்களிலேயே இது தனக்கென்று எழுதியது என்று அவருக்குப் புரியும். "வணக்கம், எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கீங்களா" என்று இழுத்தால் அந்த இடம் வீணாகிவிடும். அடுத்தது, தன் அனுபவத்தையும் ஒரு வரி வைப்பது. அது இல்லாமல் கேள்வி மட்டும் கேட்டால் இன்டர்வியூ போல ஆகிவிடும். கடைசியாக, அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஒரே வரியில் பதில் சொல்ல முடியும், விரும்பினால் ஐந்து வரியும் சொல்ல முடியும்.

அந்தப் புரொஃபைலில் நீச்சலைத் தேர்ந்தெடுத்ததும் முக்கியம். வாசிப்பு, பயணம், இசை எல்லோரும் போடுவது; "எனக்கும் பயணம் பிடிக்கும்" என்று எழுதினால் மறுபடியும் யாருக்கும் அனுப்பக்கூடிய மெசேஜாகிவிடும். பொதுவான பட்டியலிலிருந்து விலகி, இவர் மட்டுமே எழுதியிருக்கக்கூடிய வரி எதுவோ அதைத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வியிலும் சறுக்கல் உண்டு. "நீச்சல் பிடிக்குமா?" என்றால் "ஆமா" என்று வரும். "ஏன் ஆழமான பக்கம் பயம்?" என்றால் அறிமுகமே இல்லாதவரிடம் தன் பலவீனத்தை விளக்கச் சொல்வதாகிவிடும். அவரே எழுதிய பயம்தான் என்றாலும், அதைப் பற்றி அவராகப் பேசும்வரை விடுவது நல்லது. "வாழ்க்கையில் உங்கள் லட்சியம் என்ன?" போன்றவை முதல் நாளுக்குக் கனமானவை.

எனக்கு நீச்சலே தெரியாதே என்பவர் தெரிந்தது போல எழுத வேண்டாம். இரண்டாவது மெசேஜிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். "எனக்கு நீச்சல் தெரியாது, சேரணும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கேன். முதல் வாரத்தை எப்படிச் சமாளிச்சீங்க?" என்பதும் அதே அளவுக்கு வேலை செய்யும்.

சரி, சுயவிவரம் ஜெயிக்கும் இடமே இல்லையா? உண்டு. மேட்ரிமோனி தளங்களில் புரொஃபைலை உருவாக்கியது அவரா, பெற்றோரா, உடன்பிறந்தவரா என்று பெரும்பாலும் போட்டிருக்கும். பெற்றோர் என்றிருந்தால் மெசேஜைப் படிப்பதும் அவர்களாக இருக்கலாம். அப்பாவிடம் போய் மூச்சா மிதக்கிறதா என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? அங்கே சுருக்கமான அறிமுகம்தான் மரியாதை: "வணக்கம். உங்கள் மகளின் விவரங்களைப் பார்த்தேன். நான் இன்ன வேலையில் இருக்கிறேன், என் புரொஃபைலை நானே பார்த்துக்கொள்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் முதலில் பேச வேண்டுமா, நான் உங்கள் மகளிடம் நேரடியாகப் பேசலாமா?" இதுவும் கேள்வியில்தான் முடிகிறது, ஆனால் படிக்கும் பெற்றோர் எளிதாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

புரொஃபைலில் பிடிக்க வரியே இல்லை என்றால் புகைப்படத்தின் பின்னணியைப் பாருங்கள்: கையில் இருக்கும் வாத்தியம், சுவரில் மாட்டிய ஓவியம், பக்கத்தில் நிற்கும் நாய். அதுவும் இல்லை என்றால் வாய்ப்பு குறைவு என்று தெரிந்தே அனுப்ப வேண்டியதுதான். நல்ல மெசேஜுக்கும் பதில் வராமல் போகும். அவர் ஏற்கெனவே ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கலாம், தளத்தைத் திறந்தே பல நாள் ஆகியிருக்கலாம். சில நாள் கழித்து இன்னொரு முறை எழுதலாம், அதற்குமேல் வேண்டாம். "பார்த்தும் பதில் இல்லையே" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது கணக்குக் கேட்பது போல இருக்கும்.

பதில் வந்துவிட்டால் பலர் அடுத்த நொடியே வேறு கேள்விக்குத் தாவுகிறார்கள். அவர் "மிதக்கிறதுதான், உடம்பைத் தளர்த்தவே வரல" என்று எழுதியிருந்தால், அடுத்த மெசேஜ் அந்தத் தளர்த்துவதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்: "கடைசியில எப்படி வந்துச்சு, யாராவது முதுகைத் தாங்கிப் பிடிச்சாங்களா?" வேலை, ஊர், குடும்பமெல்லாம் அதற்கப்புறம் தானாக வரும்.