பாதியா, முக்காலா? ஒரு கேக் மாவுக்கு எத்தனை கப்கேக்?

சித்திரையில் மகளின் பிறந்தநாள். கும்பகோணத்து வெயிலில் பெரிய கேக்கை வெட்டிக் கூறு போட்டுக்கொண்டிருக்க முடியாது, ஆளுக்கு ஒரு கப்கேக்காகக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். வழக்கமாக 8 அங்குல வட்டக் கேக் ஒன்றுக்கு நான் கலக்கும் மாவுதான்: மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா 150 கிராம், முட்டை 3, பால் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி. பாத்திரத்தில் ஒட்டியது போகக் கைக்கு வந்தது ஏறக்குறைய 610 கிராம். இரண்டு அடுக்குக் கேக்குக்கான குறிப்பில் 24 வரும் என்பார்கள், அப்படிப் பார்த்தால் ஓர் அடுக்குக்கு 12. கணக்கு சரிதான். ஆனால் பேப்பர் கப்பை எவ்வளவு நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்து அதே மாவு 18 ஆகவும் ஆகும், 11 ஆகவும் குறையும்.

நான் சொல்வது அடிப்பாகம் 5 செ.மீ. அகலமுள்ள சாதாரணக் கப். அதில் பாதி என்றால் சுமார் 34 கிராம் மாவு, மூன்றில் இரண்டு பங்கு என்றால் 45, முக்கால் என்றால் 54. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

முக்கால் கப் எனக்குச் சரிப்படவில்லை. மாவு பொங்கி விளிம்பைத் தாண்டி, ட்ரேயின் மேல்தட்டில் காளான் குடை போலப் பரவி ஒட்டிக்கொண்டது. கத்தியால் நெம்பி எடுத்ததில் இரண்டுக்குத் தலை தனியாக வந்தது. ஓரம் சிவந்த பிறகும் நடுவில் குத்திய குச்சியில் ஈர மாவு ஒட்டியது. பொறுக்காமல் வெளியே எடுத்தவை ஆறியதும் நடுவில் குழிந்துவிட்டன. ட்ரே இல்லாமல் பேப்பர் கப்பை அப்படியே தட்டில் வைப்பவர்களுக்கு இது இன்னும் மோசம், கனம் தாங்காமல் கப்பே விரிந்துவிடும்.

பாதி கப்புக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. எண்ணிக்கை கூடும், 14 நிமிடத்தில் வெந்துவிடும், மேல்பாகம் விளிம்புக்குக் கீழேயே தட்டையாக நிற்கும். அந்தப் பள்ளத்தில் கிரீம் பிழிந்தால் அழகாக உட்காரும். கிரீம் வைப்பவர்களுக்கு இதுதான் தோது.

எனக்கு அங்கேதான் சிக்கல். நம் பக்கத்துக் கோடையில் வெண்ணெய் கிரீம் நிற்காது. மத்தியானம் 36, 37 டிகிரி போகிற நாளில் பிழிந்த பூ பத்து நிமிடத்தில் பளபளத்து, மடிப்பெல்லாம் மழுங்கி, கப்பின் ஓரமாக வழியத் தொடங்கிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுத்தாலும் குழந்தைகள் கையில் ஐந்து நிமிடம்தான். ஆகவே கிரீம் கிடையாது. கிரீம் இல்லாத கப்கேக்குக்கு அதன் தலைதான் முகம். பாதி நிரப்பியதில் முகமே தெரியாது, காகிதம்தான் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அத்தை பார்த்ததுமே கேட்டார்: “என்னம்மா, பாதி கப்பு காலியா இருக்கு?” மூன்றில் இரண்டு பங்கு நிரப்பியதோ விளிம்பு வரை எழும்பி, நடுவில் மட்டும் மெல்ல மேடாகி நின்றது. 180 டிகிரியில் 19 நிமிடம். கிரீம் இல்லாமலேயே நிறைவாக இருந்தது. கோடையில் என் ஓட்டு இதற்குத்தான். மார்கழியில் கிரீம் வைத்தால் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்வேன்.

கண்ணளவை மட்டும் நம்ப வேண்டாம். தராசில் ட்ரேயை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒவ்வொரு கப்பிலும் 45 கிராம் விடுங்கள். ஒன்றில் 40, பக்கத்ததில் 55 என்று விட்டால் ஒன்று காய்ந்துபோகும்போது மற்றது வேகாமல் இருக்கும்.

சிறிய ஓடிஜி என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். என்னுடையதில் 6 குழி ட்ரே ஒன்றுதான் நுழையும். 45 கிராம் கணக்கில் 12 கப்புக்கு இரண்டு ஈடு போதும். பாதி நிரப்பினால் 18, அதாவது மூன்று ஈடு. பேக்கிங் பவுடர் போட்ட மாவு 20 நிமிடம் காத்திருக்கும். தயிரும் சமையல் சோடாவும் போட்டது அப்படி இல்லை, கலந்த உடனே குமிழ் விடத் தொடங்கிவிடும், மூன்றாவது ஈடு எழும்பாமல் கனத்துப்போகும். நடுவில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.

எண்ணெய் ஊற்றிய நீர்த்த சாக்லேட் மாவு இன்னும் அதிகமாகப் பொங்குவதால் அதற்கு 40 கிராமோடு நிறுத்துகிறேன். முட்டையில்லாத மாவை இரண்டு தடவைதான் கப்பில் செய்திருக்கிறேன், அதனால் அதற்கு உறுதியாக அளவு சொல்ல மாட்டேன். முதலில் ஒரே ஒரு கப் வேகவைத்துப் பார்த்துவிட்டு மீதியை ஊற்றுங்கள்.

12 கப் போக 70 கிராம் மாவு மிஞ்சும். அதை இருக்கிற கப்புகளில் பங்கு போட்டு ஏற்றிவிடக் கை பரபரக்கும், அங்கேதான் முக்கால் ஆகிவிடுகிறது. நான் காபி டபராவில் வெண்ணெய் தடவி அதில் ஊற்றி, இரண்டாவது ஈட்டோடு ஓரமாக வைத்துவிட்டேன். மகள் அதைத்தான் முதலில் கேட்டாள்.