பேராசிரியருக்கு மெயில்: படித்துத் தயாராவதா, சின்னவரிடம் தொடங்குவதா, ஒத்திகை பார்ப்பதா?

சித்தப்பா மகள் ஈரோட்டில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்க ஆசை. அதற்காகப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய மெயில் டிராஃப்டிலேயே பதினொரு நாள் கிடந்தது. “அனுப்பு பட்டன் மேல கை வைச்சா வயிறு பிசையுது அக்கா” என்றாள். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அதனால் அவளோடு உட்கார்ந்து வெவ்வேறு வழிகளைப் போட்டுப் பார்த்தேன். எது எதைக் குணப்படுத்துகிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது.

அவளுடைய தோழிகள் சொன்ன வழி வேறு. ஒரே மெயிலை நாற்பது பேருக்கு அனுப்பிவிட வேண்டுமாம், ஒருவராவது பதில் போடுவாராம். இதில் பயம் குறைவது உண்மைதான், யாருக்கும் தனியாக எழுதவில்லையே! ஆனால் பெறுபவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பெண் பேராசிரியருக்கு ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று போகும். போன மெயிலிலிருந்த இன்னொருவரின் பெயரை மாற்ற மறந்திருக்கும். வெட்டி ஒட்டிய வரி மட்டும் வேறு எழுத்துருவில் நிற்கும். இந்த வழியை இதோடு விட்டுவிடலாம்.

அவளே தேர்ந்தெடுத்திருந்த வழி தயாரிப்பு. பேராசிரியரின் ஏழு கட்டுரைகளை இறக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் எழுதுவேன் என்றாள். அங்கேதான் சிக்கல். படிக்கப் படிக்க அவர் உயர்ந்துகொண்டே போனார், இவள் சின்னவளாகிக்கொண்டே போனாள். ஏழு முடிந்தால் எட்டாவது இருக்கும். தயாரிப்பு என்ற பெயரில் இது ஒளிந்துகொள்வது.

ஏழுக்குப் பதிலாக ஒன்றே ஒன்றை, அதுவும் தன் வேலையோடு தொடுகிற ஒன்றை எடுக்கச் சொன்னேன். கல்லூரி புராஜெக்டில் அவள் தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் கொண்டு மெத்திலீன் புளூ என்ற சாயத்தைத் தண்ணீரிலிருந்து நீக்கியிருந்தாள். பேராசிரியரின் கட்டுரையும் அதே சாயம்தான், கரி மட்டும் வேறு. தண்ணீரின் அமிலத்தன்மை கூடினால் கரி சாயத்தைக் குறைவாகப் பிடிக்கிறது என்று அதில் இருந்தது. இந்தச் சாயத்தின் துகளுக்கு நேர்மின்னூட்டம். அமிலத்தில் கரியின் மேற்பரப்பும் நேர்மின்னூட்டம் பெற்றுவிடுவதால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அவள் புராஜெக்டிலும் அதேதான் நடந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். கட்டுரையில் எல்லாச் சோதனையும் காய்ச்சி வடித்த நீரில். இவள் ஈரோட்டுக்காரி, சாயப்பட்டறைத் தண்ணீரில் உப்பு நிறைய இருக்கும் என்று தெரியும், துணியில் சாயம் ஏற உப்புப் போடுவார்கள். தன் சோதனையில் சாப்பாட்டு உப்பைக் கலந்து பார்த்தபோது கரி சாயத்தைப் பிடிப்பது குறைந்திருந்தது.

“இதைத்தான் எழுதணும்” என்றேன். “இது ரொம்பச் சின்ன விஷயம் இல்லையா அக்கா?” என்றாள். சின்னதுதான். ஆனால் அவளிடம் மட்டுமே இருக்கிற சின்னது. ‘தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம் உண்டு’ என்ற வரியை நாற்பது பேர் எழுதலாம், உப்பைப் பற்றி இவள்தான் எழுத முடியும். கேள்வி ஒன்று கையில் கிடைத்ததும் தயாரிப்பை நிறுத்திவிட வேண்டும். அவளுக்கு அது ஒன்றரை நாளில் கிடைத்தது.

சரி, மெயில் தேறிவிட்டது. பயம் போயிற்றா? இல்லை. மறுபடி டிராஃப்டில் இரண்டு நாள். தயாரிப்பு மெயிலைத்தான் சரிசெய்யும், வயிற்றுப் பிசைவை அது தொடுவதில்லை.

அதைத் தொட்டது சின்னதாகத் தொடங்கும் வழி. கட்டுரையின் முதல் பக்கத்தில் யார் பெயருக்கு நட்சத்திரக் குறியோ சின்ன உறைப் படமோ இருக்கிறதோ அவருக்குத்தான் கடிதம் எழுத வேண்டும், பெரும்பாலும் அவர் பேராசிரியர். ஆனால் பெயர் வரிசையில் முதலாவதாக இருப்பவர், இந்த மாதிரி சோதனைக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஆய்வு மாணவர். குடுவையைக் கழுவி, கரியை எடைபோட்டு, சோதனையைச் செய்தவர். ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கத்தில் அவர் முகவரி இருந்தது. அவருக்கு நான்கே வரி: நான் இன்னார், உங்கள் கட்டுரையைப் படித்தேன், கரியைச் சோதனைக்கு முன் எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள், கட்டுரையில் எனக்குக் கிடைக்கவில்லை. வேலை கேட்கவில்லை, சிபாரிசும் கேட்கவில்லை.

அன்று இரவே பதில் வந்தது. உலர்த்திய நேரத்தோடு, ‘சார் கோடைக்கு மாணவர்களை எடுப்பார், பிப்ரவரிக்குள் எழுதுங்கள், பயோடேட்டா ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்’ என்றும் எழுதியிருந்தார். அந்த மெயிலை அவள் எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினாள். பயம் பாதியாகக் குறைந்தது அப்போதுதான். அந்தப் பக்கம் இருப்பவர்களும் பதில் எழுதுகிற மனிதர்கள் என்று தெரிந்துவிட்டதே! ஏழு கட்டுரை தராத தெம்பு இது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஆய்வு மாணவர் இடம் தர முடியாது. அவரிடமே ஐந்தாறு மெயில் போட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் சலிக்கும், இவளும் பெரியவருக்கு எழுதாமலே நாளைக் கடத்துவாள். ஒரு பதில் வந்ததும் அடுத்த படி ஏறிவிட வேண்டும்.

மூன்றாவது வழி ஒத்திகை. இதைச் சிலர் மனப்பாடம் என்று நினைக்கிறார்கள். நாங்கள் செய்தது இரண்டே விஷயம். முதலில் மெயிலை அவள் தனக்கே அனுப்பி, போனில் திறந்து பார்த்தாள். கணினியில் அடக்கமாகத் தெரிந்த பத்தி போனில் ஒரு திரை முழுக்க நீண்டது, கேள்வி அடியில் மறைந்து கிடந்தது. கேள்வியை இரண்டாவது வரிக்கு ஏற்றினோம். பிறகு எனக்கு வாய்விட்டுப் படித்தாள். ‘யுவர் எஸ்டீம்ட் இன்ஸ்டிட்யூஷன்’ வந்த இடத்தில் அவள் குரலே மாறியது, சிரித்துவிட்டாள். நாக்கு இடறுகிற இடமெல்லாம் நாம் நடிக்கிற இடம்தான். அந்த வரி போயிற்று. ஒத்திகை இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. மூன்றாம் சுற்றில் நல்ல வரிகள்கூட அந்நியமாகத் தெரிய ஆரம்பிக்கும், மாற்றிக் கெடுப்போம்.

பொதுவாக எல்லோரும் சொல்லும் வரிசை தயாரிப்பு, ஒத்திகை, அனுப்பு. இன்னொரு முறை செய்தால் நான் சின்னவருக்கு எழுதுவதை முதலில் வைப்பேன். தயாரிப்பும் அதனாலேயே சுருங்கும், எதைக் கேட்கலாம் என்று உள்ளே இருப்பவரே காட்டிக்கொடுப்பார். முன்பே நன்றாகப் பழகிய துறை, பயம் லேசானது என்றால் நேராகப் பேராசிரியருக்கே எழுதலாம், சுற்று வழி தேவையில்லை.

கடைசியில் போனது பதினோரு வரி. தலைப்பு: ‘மெத்திலீன் புளூ கட்டுரை: உப்பு கலந்த நீரில் ஒரு சந்தேகம், கோடைப் பயிற்சி வேண்டுகோள்’. ஜிமெயில் அமைப்பில், அனுப்பியதைத் திரும்பப் பெற உதவும் Undo Send நேரத்தை முப்பது நொடியாக்கிவிட்டு அனுப்பினாள். அந்த முப்பது நொடியும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழுத்தவில்லை.

பதில் வரவில்லை. பதினான்காம் நாள் அதே மெயிலுக்கு அடியிலேயே இரண்டு வரி நினைவூட்டல் போட்டாள். மறுநாள் பேராசிரியர் எழுதினார்: உப்பு வைத்து நாங்கள் பார்க்கவில்லை, உன் தரவை அனுப்பு, மே மாதம் பற்றி அப்புறம் பேசலாம்.

இப்போது நன்றி சொல்லும் மெயில் டிராஃப்டில் இருக்கிறது. ஒரே வரிதான். “ஒரு தடவை பாத்துடுறீங்களா அக்கா” என்கிறாள்.