5.4 என்று சொன்ன ரத்தம்: ஏ1சியை நம்ப முடியாதபோது எதை நம்புவது?

ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏ1சி வழக்கமாக 7.8 சதவீதத்தை ஒட்டி வரும். நான்கு மாதங்களுக்கு முன் தொழுநோய் கண்டறியப்பட்டு, 12 மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. அதில் தினமும் 100 மில்லிகிராம் டாப்சோன் உண்டு. இப்போது வந்திருக்கும் ஏ1சி 5.4. மருத்துவருக்கு மகிழ்ச்சி. சர்க்கரை தாழ்ந்துவிடப் போகிறதே என்று கிளிமிபிரைடைப் பாதியாக்க எழுதத் தொடங்குகிறார்.

"டாக்டர், காலையில் வெறும் வயிற்றில் 140க்குக் கீழே ஒரு நாளும் வந்ததில்லையே" என்று குறிப்பேட்டை நீட்டுகிறார் மனைவி. வெறும் வயிற்றில் 140 முதல் 155. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 210 முதல் 230. எல்லா அளவுகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 180.

ஏ1சியிலிருந்து சராசரிச் சர்க்கரையைக் கணக்கிட ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது. ஏ1சியை 28.7 ஆல் பெருக்கி அதிலிருந்து 46.7ஐக் கழிக்க வேண்டும். 5.4க்கு விடை 108. ஒரு நாளில் மிகத் தாழ்வாக இருக்க வேண்டிய விடியற்காலை அளவே 140 என்றால், நாள் முழுவதற்குமான சராசரி 108 ஆக இருக்க வழியில்லை. எதிர்த்திசையில் போட்டாலும் அதே கதைதான்: சராசரி 180 உள்ளவருக்கு ஏ1சி 7.9 வர வேண்டும். இரண்டரைப் புள்ளி வித்தியாசத்தை ஆய்வகப் பிழை என்று ஒதுக்க முடியாது.

முதலில் ஏ1சி. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், எந்த நொதியின் துணையும் இல்லாமல், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி நுனியில் மெதுவாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அந்தச் சிவப்பணு அழியும்வரை பெரும்பாலும் அப்படியே இருக்கும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது சர்க்கரையின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. அந்த அணு எத்தனை நாள் அந்தச் சர்க்கரையில் ஊறியது என்பதையும் பொறுத்தது. விறகடுப்பில் வைத்த பானையின் அடியில் படிந்த கரியைப் பார்த்து எவ்வளவு விறகு எரிந்தது என்று சொல்லலாம். பானை எத்தனை நாளாக அடுப்பில் இருக்கிறது என்பது தெரிந்திருந்தால் மட்டும். மாதம் ஒரு புதுப் பானை மாற்றும் வீட்டில் கரியை வைத்துக் கணக்குப் போட்டால் விறகே எரியவில்லை என்றுதான் தோன்றும்.

டாப்சோன் செய்வது அந்தப் பானை மாற்றும் வேலை. கல்லீரலில் அது ஹைட்ராக்ஸிலமீன் என்ற வடிவத்துக்கு மாறி, சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்தால் சேதப்படுத்துகிறது. சேதமான அணுக்களை மண்ணீரல் காலம் வரும் முன்பே பிடித்து அழித்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜை புதியவற்றை அவசரமாக அனுப்புகிறது. ரத்தத்தில் ஓடும் அணுக்களின் சராசரி வயது குறைகிறது, ஏ1சியும் குறைகிறது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த அழிவு மிகக் கடுமையாக இருக்கும். அதனால்தான் டாப்சோன் தொடங்கும் முன் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்கிறார்கள்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "ஹீமோகுளோபின் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எப்படி?" என்று கேட்பார்கள். மஜ்ஜை ஈடுகட்டிக்கொண்டே இருந்தால் ஹீமோகுளோபின் பெரிதாகக் குறையாது. ஆனால் அணுக்கள் இளையவையாகவே இருக்கும். ஆகவே ஹீமோகுளோபினோடு, மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இவருக்கு ஹீமோகுளோபின் 13.8இலிருந்து 11.4க்கு வந்திருக்கிறது. ரெட்டிகுலோசைட் 5 சதவீதம். வழக்கமாக 2ஐத் தாண்டக் கூடாது. மறைமுக பிலிருபினும் எல்டிஹெச்சும் உயர்ந்திருக்கின்றன, ஹாப்டோகுளோபின் குறைந்திருக்கிறது. அணுக்கள் அழிகின்றன என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

"வேறு ஆய்வகத்தில் எடுத்துப் பார்ப்போம்" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. பிரச்சினை இயந்திரத்தில் இருந்தால் அது சரி. ஹீமோகுளோபின் எஸ், ஈ போன்ற மரபு வகைகள் சில முறைகளைக் குழப்பும். போரோனேட் முறைக்கு மாறினால் பெரும்பாலும் அந்தக் குழப்பம் நீங்கும். அணுவின் ஆயுளே குறைந்திருக்கும்போது எந்த இயந்திரமும் கைகொடுக்காது. அது இருப்பதைச் சரியாகத்தான் அளக்கிறது. இவருக்கு இரண்டாவது ஆய்வகத்திலும் 5.4 வந்தது. அந்தச் செலவை நான் வீண் என்றே சொல்வேன்.

ரத்தசோகை என்றாலே ஏ1சி குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவில் நேர்மாறாக, சர்க்கரை அப்படியே இருக்க ஏ1சி சற்று உயர்ந்து காட்டும். புது அணுக்கள் வரத்து குறைந்து, இருப்பவை மூத்தவையாக இருப்பது அதற்கு ஒரு காரணம். பி12 குறைவிலும் இதே போக்குதான். நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையக்கூடும் என்பதால் அது சர்க்கரை நோயாளியின் சொந்த வீட்டுப் பிரச்சினை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே இது அபூர்வமான சங்கடமும் அல்ல. இதன் கண்ணி, சிகிச்சை தொடங்கும்போதுதான் விரிகிறது. இரும்பு மாத்திரை கொடுத்ததும் மஜ்ஜை புது அணுக்களைக் கொட்டுகிறது, ஏ1சி இறங்குகிறது. சாப்பாட்டில் எதையும் மாற்றாத நோயாளி "கட்டுப்பாடு மேம்பட்டிருக்கிறது" என்ற பாராட்டோடு வீடு திரும்புகிறார்.

சரி, 5.4ஐ நம்ப முடியாது. மாற்று எது?

ஃப்ரக்டோசமைன் சிவப்பணுவையே தொடுவதில்லை. சீரத்தில் உள்ள புரதங்களில், முக்கியமாக ஆல்புமினில், ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. ஆல்புமின் சில வாரங்களில் மாறிவிடுவதால் இது கடந்த இரண்டு மூன்று வாரங்களின் கதையை மட்டும் சொல்லும். மூன்று மாதச் சராசரிக்குப் பழகியவர்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். மருந்தை மாற்றிவிட்டுப் பலனைச் சீக்கிரம் பார்க்க வேண்டியவருக்கு இதுவே வசதி. நம்மவருக்கு 365 மைக்ரோமோல் வந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குச் சுமார் 285க்குள் இருக்கும். 0.017 ஆல் பெருக்கி 1.61ஐக் கூட்டினால் ஏ1சிக்கு இணையான எண் கிடைக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. விடை 7.8. குறிப்பேட்டின் பக்கம் ஒரு சாட்சி சேர்ந்துவிட்டது.

இதற்கும் தன் பங்குக்குப் பலவீனம் உண்டு. சிறுநீரில் புரதம் பெருமளவு போகிறவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், தைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள் ஆகியோருக்கு ஆல்புமினின் அளவோ ஆயுளோ மாறிவிடுவதால் இந்த எண்ணும் பொய் சொல்லும். ஏ1சிக்குச் சிவப்பணு எப்படியோ, இதற்கு ஆல்புமின் அப்படி. ஆகவே ஆல்புமினைச் சேர்த்துப் பார்க்காமல் ஃப்ரக்டோசமைனை எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இவருக்கு ஆல்புமின் 4.1, கவலையில்லை. சர்க்கரை ஒட்டிய ஆல்புமினை மொத்த ஆல்புமினின் விழுக்காடாகச் சொல்லும் கிளைகேட்டட் ஆல்புமின் பரிசோதனை இன்னும் கச்சிதமானது. ஆல்புமின் சற்றுக் குறைந்திருந்தாலும் விழுக்காடு அவ்வளவாகக் கலங்காது. ஜப்பானில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதைத்தான் விரும்புகிறார்கள். நம் ஊர் ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் கிடைக்காது.

அடுத்து, மனைவியின் குறிப்பேடு, அதாவது குளுக்கோமீட்டர். சர்க்கரையை நேரடியாக அளப்பதால் அணுவின் வயது இதற்குப் பொருட்டில்லை. ஆனால் ரத்தசோகை இதையும் விட்டுவைப்பதில்லை. சிவப்பணுக்கள் குறைந்த ரத்தத்தில் பிளாஸ்மாவின் பங்கு கூடுவதால், பல பட்டைகள் உண்மையை விட அதிகமாகக் காட்டும். கவனியுங்கள்: கடுமையான ரத்தச்சிதைவில் ஏ1சி கீழே போகிறது, குளுக்கோமீட்டர் மேலே போகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் தவறும்போது இடைவெளி செயற்கையாகப் பெருகும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் எந்த அளவுவரை இருந்தால் அந்தப் பட்டை செல்லும் என்பது பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அச்சாகியிருக்கும். யாரும் பிரிக்காத தாள் அது. இவருடைய ஹீமட்டோகிரிட் 34. பட்டையின் தாள் 30 முதல் 55 வரை என்கிறது. போதாக்குறைக்கு ஒரு நாள் ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்த அதே நிமிடத்தில் விரலையும் குத்திப் பார்த்தார்கள். ஆய்வகம் 146, குளுக்கோமீட்டர் 152. தர விதி அனுமதிக்கும் 15 சதவீதத்துக்குள் இது அடங்கிவிடுகிறது. குறிப்பேடு பொய் சொல்லவில்லை.

கடைசியாக, கையில் ஒட்டும் தொடர் சென்சார். பதினான்கு நாள், சில நிமிடங்களுக்கு ஒரு முறை, தோலடித் திரவத்தின் சர்க்கரையை அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுளும் ஆல்புமினும் இதைப் பாதிப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்பதையும் இதுதான் சொல்லும். இவருக்குச் சராசரி 176. 70 முதல் 180 வரையிலான வரம்புக்குள் 56 சதவீத நேரம் இருந்தார், பலருக்கும் இலக்கு 70 சதவீதம். 70க்குக் கீழே ஒரு முறைகூடப் போகவில்லை. கிளிமிபிரைடைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னது இந்த ஒரு வரிதான். விலைதான் இடிக்கிறது. மாதாமாதம் போட முடியாது.

என்னைக் கேட்டால், இப்படிப்பட்டவருக்கு அன்றாடத்துக்குக் குளுக்கோமீட்டர், ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஆல்புமினோடு ஃப்ரக்டோசமைன், மருந்தைக் குறைக்கவோ கூட்டவோ முடிவெடுக்கும் நேரத்தில் ஒரே ஒரு சென்சார் என்று வரிசை போடுவேன். டாப்சோன் நிற்கும்வரை ஏ1சியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். போக்கையாவது காட்டாதா என்பார்கள். அழிவின் வேகம் மாதத்துக்கு மாதம் மாறும்போது அந்தப் போக்குக்கும் பொருளில்லை. அதிலும் தொழுநோயில் எதிர்வினை வந்து பிரெட்னிசோலோன் கொடுக்க நேர்ந்தால் சர்க்கரை எகிறும்; அப்போதும் ஏ1சி சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

கிளிமிபிரைடு குறைக்கப்படவில்லை. 12 மாதம் முடிந்து டாப்சோன் நின்றது. டாப்சோன் காலத்து அணுக்களுக்குத் தம் ஆயுளை வாழ்ந்து முடிக்க நேரம் வேண்டும் என்பதால் மேலும் நான்கு மாதம் காத்திருந்து ஏ1சி எடுத்தார்கள். ரெட்டிகுலோசைட் அதற்குள் 1.2க்கு வந்திருந்தது. குறிப்பேட்டின் சராசரி 165. ஏ1சி 7.4.