10க்கு 12 அறைக்குக் கூரை போட 20 மூட்டை சிமெண்ட் என்று சொல்லி 10,015 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்

நேற்று சாயங்காலம்தான் கடைசியாக அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்தேன், கை இன்னும் நடுங்குகிறது, அதே சூட்டில் எழுதுகிறேன். காட்பாடி பக்கம் சொந்தமாக வீடு இருக்கிறவர்கள், பின்னால் ஒரு சின்ன அறை கட்டலாம் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் படியுங்கள். கடை பெயர் போடவில்லை. சிமெண்ட், எம் சாண்டு, ஜல்லி எல்லாம் ஒரே இடத்தில் விற்கிற கட்டுமானப் பொருள் கடை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 12 அடியில் ஒரு அறை. சுவர் எழும்பிவிட்டது, 5 இன்ச் கூரை போட வேண்டும். கம்பியை முன்பே வேறு இடத்தில் வாங்கிவிட்டேன். மேஸ்திரி அன்றைக்கு வேறு வேலைக்குப் போயிருந்ததால் நானே கடைக்குப் போய் அளவைச் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. "20 மூட்டை, எம் சாண்டு ஒரு யூனிட், ஜல்லி ஒரு யூனிட். மீதி ஆனா மூட்டையைத் திருப்பிக் கொடுங்க சார், நான் எடுத்துக்கறேன், இன்னாத்துக்குக் கவலை?" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்பவர் ஏன் கூட்டிச் சொல்லப் போகிறார் என்றுதான் தோன்றியது. சிமெண்ட் 380 வீதம் 7,600, எம் சாண்டு 6,000, ஜல்லி 4,500, வண்டி வாடகை 1,500, மொத்தம் 19,600 ரூபாய். அங்கேயே போனில் அனுப்பினேன். பில் கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மேஸ்திரி வந்து பார்த்து, "யார் சார் 20 மூட்டை சொன்னது?" என்று கேட்டுவிட்டு, தரையில் கரியால் கணக்குப் போட்டுக் காட்டினார். 10க்கு 12 என்றால் 120 சதுர அடி. 5 இன்ச் கனத்துக்கு 50 கன அடி கான்கிரீட். ஆனால் காய்ந்த பொருளைத் தண்ணீர் ஊற்றிக் கலந்தால், ஜல்லி இடுக்கில் மணலும் மணல் இடுக்கில் சிமெண்டும் போய் அளவு சுருங்கிவிடும், அதனால் 1.54 ஆல் பெருக்கி 77 கன அடிக்குப் பொருள் வேண்டும். கூரைக்குப் போடுவது 1:1½:3 கலவை, மொத்தம் ஐந்தரை பங்கு. 77ஐ ஐந்தரையால் வகுத்தால் பங்குக்கு 14 கன அடி. ஆக சிமெண்ட் 14, மணல் 21, ஜல்லி 42 கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்று கிட்டத்தட்ட 1.23 கன அடி, அதனால் பதினொன்றரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு, 12 வாங்கினால் போதும். சேதாரத்துக்குச் சேர்த்து மணல் 25, ஜல்லி 45. அதே விலையில் 4,560, 1,500, 2,025, வாடகையோடு 9,585 ரூபாயில் முடிந்திருக்கும். நான் கொடுத்தது 19,600. வித்தியாசம் 10,015.

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. மணல் முந்தின நாளே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அதை அளக்க வழியில்லை. ஜல்லி வந்த டிராக்டர் தொட்டியை மட்டும் மேஸ்திரி கொட்ட விடாமல் நிறுத்தி, மேலே சமப்படுத்தி டேப் வைத்தார். நீளம் 8 அடி, அகலம் 5 அடி, உயரம் ஒன்றே முக்கால் அடி. 70 கன அடிதான்! டிரைவரைக் கேட்டால், "லோடுன்னா இதுதான் சார், கடையில கேளுங்க" என்றார்.

கூரை போட்டு முடித்ததும் சரியாக 8 மூட்டை மிஞ்சியது. போன் செய்தேன், "ஓனர் வெளியூர்ல இருக்காரு" என்றார்கள். இரண்டு நாள் கழித்துப் போனேன், "வித்த சிமெண்ட்டை எடுக்கிறதில்ல" என்றார் அதே ஆள், அதே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு. நேற்று, "பில் இருக்கா?" என்றார். துண்டுச் சீட்டை நீட்டினேன், "இது எஸ்டிமேட்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 10,015 ரூபாய், எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகைக்கும் மேல்.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. 5 இன்ச் கூரைக்கு ஒரு மூட்டை சுமார் 10 சதுர அடி வரும், அந்தக் கணக்குக்கு மேல் மூட்டை சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். லோடை வண்டியிலேயே அளங்கள், ஈரமான மணல் உப்பிக் கூடுதலாகத் தெரியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். திருப்பி எடுப்போம் என்றால் அதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

8 மூட்டையும் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாயில் சுற்றிக் கிடக்கிறது. மழை வேறு பிடித்துக்கொண்டது, ஓரத்து மூட்டையை அமுக்கினால் இப்போதே கட்டி தட்டுகிறது.