60 ரூபாய் மிச்சக்காசு: பெரிய தாளில் தொடங்குவதா, அட்டவணை போடுவதா?

மாங்குளம் சந்தியில் மாமாவுக்குப் பலசரக்குக்கடை. ஏ9 வீதியில் வரும் பேருந்துகள் நிற்கும் காலை நேரத்தில் எல்லாரும் நூறு ரூபாய்த் தாளைத்தான் நீட்டுவார்கள். மிச்சக்காசை எந்தெந்தத் தாளாக, எந்தெந்தக் குத்தியாகக் கொடுப்பது என்று காட்ட ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. பிறகொரு நாள் மாமா கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, அறுபது ரூபா மிச்சத்துக்கு உன்ர புரோகிராம் ஒரு அம்பதும் அஞ்சு ரெண்டு ரூபாக் குத்தியும் எண்டு காட்டுது. நான் மூண்டு இருவது குடுத்து அனுப்பிப்போட்டன்."

லாச்சியைப் பார்த்தேன். அன்றைக்குப் பத்து ரூபாய்க் குத்தியும் இல்லை, ஐந்து ரூபாய்க் குத்தியும் இல்லை. 50, 20, 2, 1 மட்டும் கிடந்தன. நிரல் சொன்னபடி கொடுத்தால் 6 உருப்படி, மாமா கொடுத்தது 3.

நான் எழுதியிருந்தது கிரீடி முறை. மிச்சத்துக்குள் அடங்கும் ஆகப் பெரிய தாளை எடு, கழி, மிஞ்சியதற்கும் அதையே செய். சந்தையில் காசு எண்ணும் எவருடைய கையும் இப்படித்தான் போகும். வேகத்திலும் இதற்கு ஈடில்லை. ஒவ்வொரு பெறுமதிக்கும் ஒரு வகுத்தல் போதும், தொகை எவ்வளவு பெரிதென்பது பொருட்டில்லை. ஆனால் ஒருமுறை 50 ஐ எடுத்துவிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த 50 க்குப் பின்னால் மிஞ்சும் 10 ரூபாயை நிரப்ப என்ன இருக்கிறது என்று கேட்காமலே எடுக்கிறது. பிழை முழுவதும் அந்த இடத்தில்தான்.

போட்டிக்கு நிற்பது டைனமிக் புரோகிராமிங். 60 க்கு விடை தேடுமுன் 1, 2, 3 என்று ஒவ்வொரு தொகைக்கும் ஆகக் குறைந்த எண்ணிக்கையைக் கண்டு அட்டவணையில் எழுதிக்கொண்டே வரும். ஒரு தொகைக்கு வந்ததும் அது கேட்பது இதைத்தான்: கடைசியாக வைத்த உருப்படி எதுவாக இருக்கலாம்? ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்து, மீதித் தொகையின் விடையை அட்டவணையில் எடுத்து, ஒன்றைக் கூட்டி, சிறியதை வைத்துக்கொள்ளும். கீழே `T` என்பது மிச்சத் தொகை, `coins` என்பது லாச்சியில் உள்ள பெறுமதிகள்.

```python
INF = 10**9
best = [0] + [INF] * T
last = [0] * (T + 1)
for a in range(1, T + 1):
    for c in coins:
        if c <= a and best[a-c] + 1 < best[a]:
            best[a] = best[a-c] + 1
            last[a] = c
```

மாமாவின் லாச்சியை இதில் போட்டு, 60 ஆம் கட்டத்துக்கு வருவோம். கடைசி உருப்படி 50 என்றால் மீதி 10, அதற்கு ஐந்து இரண்டு ரூபாய்க் குத்தி வேண்டும், ஆக 6. கடைசி உருப்படி 20 என்றால் மீதி 40, அதற்கு இரண்டு தாள், ஆக 3. 2 என்றால் மீதி 58, அதற்கு 5, ஆக 6. 1 என்றால் மீதி 59, அதற்கு 6, ஆக 7. நாலிலும் சிறியது 3. `last[60]` இல் 20 என்று பதியும். அங்கிருந்து 40, பிறகு 20, பிறகு 0 என்று பின்னோக்கி நடந்தால் மூன்று இருபதும் கைக்கு வரும். தொடக்கத்தில் `INF` போடாமல் எல்லாக் கட்டத்திலும் 0 போட்டவர்களுக்கு எந்தத் தொகைக்கும் விடை 0 என்றே வரும். அப்படி வந்தால் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

அப்படியானால் முதல் இரண்டு கிழமையும் கிரீடி ஏன் பிழை விடவில்லை? எனக்கு இதுதான் மிகப் பிடித்த பகுதி.

லாச்சியில் 1, 2, 5, 10, 20 இருக்கும்போது கிரீடி எல்லாத் தொகைக்கும் சரியான விடை தரும். அதன்மேல் 50 ஐச் சேர்க்கிறோம். 50 ஐ எட்டவோ தாண்டவோ மூன்று 20 வேண்டும், அது 60. கிரீடி அந்த மூன்றையும் தள்ளிவிட்டு ஒரு 50 உம் மீதி 10 உம் என்று வைக்கும். மீதிப் 10 க்கு இரண்டு உருப்படிக்குமேல் தேவைப்படாவிட்டால் அந்த மாற்றீட்டில் நட்டமில்லை. பத்து ரூபாய்க் குத்தி இருந்தால் மொத்தம் 2, இலாபம். பத்து தீர்ந்து ஐந்து மட்டும் இருந்தால் 50, 5, 5, மொத்தம் 3, சமன். ஐந்தும் தீர்ந்தால் 6, தோல்வி. ஆக, பத்து ரூபாய்க் குத்தி தீர்ந்த நாளிலும் என் நிரல் மயிரிழையில் தப்பியிருக்கிறது. ஐந்தும் தீர்ந்த அன்றுதான் மாட்டியது.

1975 இல் மகசின், நெம்ஹவுசர், ட்ரொட்டர் ஆகிய மூவர் நிறுவிக் காட்டியது இதைத்தான்: சிறிய பெறுமதிகள் ஏற்கெனவே கிரீடிக்கு ஒத்துவருமானால், அவற்றுக்கு மேல் ஒன்றைச் சேர்க்கும்போது இந்த ஒரே ஒரு தொகையைச் சோதித்தால் போதும். நம் பழைய சதக் குத்திகளிலும் இதைப் பார்க்கலாம். 1, 2, 5, 10 சதத்துக்கு மேல் 25 சதத்தைச் சேர்த்தால் சோதிக்க வேண்டிய தொகை மூன்று பத்து, அதாவது 30. 25 உம் 5 உம், இரண்டே குத்தி. ஐந்து சதத்தை எடுத்துவிட்டால் 25, 2, 2, 1 என்று நாலு, மூன்று பத்துக்குத் தோற்றுவிடும்.

சிறிய பெறுமதிகளே ஒத்துவராத இடத்தில் இந்தச் சோதனை உதவாது. அங்கே 1994 இல் கோசனும் சாக்ஸும் காட்டிய எல்லை கைகொடுக்கும். 1 உள்ள எந்தத் தொகுதியிலும், கிரீடி பிழை விடும் தொகை இருந்தால் அதில் ஆகச் சிறியது, ஆகப் பெரிய இரண்டு பெறுமதிகளின் கூட்டுத்தொகைக்குள் இருந்தே தீரும். மாமாவின் லாச்சிக்கு 20 உம் 50 உம், 70. அதுவரை இரண்டு முறைகளின் விடையையும் ஒப்பிட்டு வித்தியாசம் இல்லையென்றால் எந்தத் தொகைக்கும் இல்லை.

அட்டவணை முறைக்கும் விலை உண்டு. 5000 ரூபாய்க்குப் பத்துப் பெறுமதி என்றால் ஏறத்தாழ 50,000 ஒப்பீடு, கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் ரூபாயைச் சதமாக்கிக் கணக்குப் போட்டால் வேலையும் நினைவகமும் நூறு மடங்கு. கோடிக்கணக்கான தொகைக்கு இந்த அட்டவணையைக் கொண்டுபோகக் கூடாது. கடை லாச்சிக்கு, எது எப்போது தீரும் என்று தெரியாத இடத்துக்கு, நான் தயங்காமல் அட்டவணையைத்தான் தெரிவேன். மாமாவின் நிரலையும் மாற்றினேன்.

மாற்றிய மூன்றாம் நாள் மாமா மறுபடி கூப்பிட்டார். "மூண்டு இருவது குடு எண்டுது. லாச்சியில ரெண்டுதான் கிடக்கு."

மேலேயுள்ள நிரல் ஒவ்வொரு தாளும் வேண்டிய அளவு இருக்கிறதென்று எண்ணிக்கொள்கிறது. இருப்பைக் கணக்கில் எடுக்க, பெறுமதியை விட்டுவிட்டு லாச்சியில் கிடக்கும் ஒவ்வொரு தாளையும் குத்தியையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, தொகையை மேலிருந்து கீழாக ஓட்ட வேண்டும்.

```python
best = [0] + [INF] * T
for c in pieces:
    for a in range(T, c - 1, -1):
        best[a] = min(best[a], best[a-c] + 1)
```

கீழிருந்து மேலே ஓட்டினால் ஒரே தாளை இரண்டு தரம் எண்ணிவிடும். விடையில் இருப்பைவிடக் கூடிய தாள்கள் வந்தால் இந்த வரியில்தான் பிழை. இரண்டே இருபதோடு இதை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு இருபதையும் வைத்தால் மிஞ்சும் 20 க்குப் பத்து இரண்டு ரூபாய்க் குத்தி வேண்டும், மொத்தம் 12. அன்றைக்கு 60 க்குச் சரியான விடை ஒரு அம்பதும் ஐந்து இரண்டு ரூபாய்க் குத்தியும், கிரீடி முதல் நாள் சொன்ன அதே ஆறு.