பாதிப் பாதி பங்கு: மூன்று விதமாக எழுதினால் மூன்று விதமாக முடியும்

சென்னையில் படிப்பை முடிக்கும் இரண்டு நண்பர்கள் தரமணியில் ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மென்பொருள் கோடு எழுதுகிறார், மற்றவர் வாடிக்கையாளரைப் பிடிக்கிறார். மொத்தம் 10,000 பங்குகள், முகமதிப்பு ₹10, ஆளுக்கு 5,000. பதினான்கு மாதம் முடிந்ததும் கோடு எழுதுபவர் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார். அவருடைய பங்கு என்ன ஆகும்? தொடக்கத்தில் எதை எழுதி வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் வழி, எதையும் எழுதாமல் விடுவது. பெரும்பாலான மாணவர்கள் செய்வது இதைத்தான். போனவர் 50% உடன் போகிறார். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும்; முதலீட்டாளருக்குத் தனிப்பட்ட முறையில் புதுப் பங்கு ஒதுக்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதில் எதிர் வாக்கைப் போல மூன்று மடங்கு ஆதரவு இருக்க வேண்டும், அதாவது 75%. வேலை செய்யாத ஒருவரின் கையெழுத்து இல்லாமல் இரண்டுமே நகராது. 60:40 என்று பிரித்திருந்தால் சாதாரணத் தீர்மானம் மட்டும் தப்பிக்கும். விகிதத்தை மாற்றுவது இந்த நோய்க்குப் பாதி மருந்துதான்.

இரண்டாவது, முதலில் கொஞ்சம் கொடுத்து, மீதியை ஆண்டுதோறும் ஒதுக்குவது. காகிதத்தில் நியாயமாகத் தெரியும். ஆனால் நிறுவனத்தின் மதிப்பு ஏறிய பிறகு ₹10-க்குப் பங்கு வாங்கினால், சந்தை மதிப்புக்கும் ₹10-க்கும் உள்ள வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிடப்படலாம். ஊழியர்களுக்குப் பங்கு தரும் ஈசாப் திட்டத்தில் கொடுக்கலாமே என்றால், நிறுவனத்தைத் தொடங்கிய புரொமோட்டர்களுக்கும் 10%-க்கு மேல் பங்கு வைத்திருக்கும் இயக்குநர்களுக்கும் பொதுவாக அது கிடையாது. மத்திய அரசின் டிபிஐஐடி துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புகளுக்கு மட்டும் பதிவிலிருந்து 10 ஆண்டு வரை விலக்கு உண்டு.

மூன்றாவது ரிவர்ஸ் வெஸ்டிங். 5,000 பங்கும் முதல் நாளே கையில் வரும். பாதியில் விலகினால், இன்னும் சம்பாதிக்காத பங்கை முகமதிப்புக்கே மற்றவருக்கு மாற்றித் தர வேண்டும். வழக்கமான அளவு நான்கு ஆண்டு, அதில் முதல் ஓராண்டு கிளிஃப். ஓராண்டுக்குள் போனால் ஒன்றும் நிற்காது. அதைத் தாண்டினால், வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் 5,000 பங்கில் 48-இல் ஒரு பாகம் அவருடையதாகும். நம் கணக்கில் 14 மாதத்துக்கு 1,458 பங்கு அவருக்கு நிற்கும். மீதி 3,542 பங்கு ₹35,420-க்குக் கைமாறும். இருப்பவரிடம் 8,542 பங்கு, அதாவது 85.42%. சிறப்புத் தீர்மானம் தடையின்றி நிறைவேறும்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அவர் 24-ஆம் மாத முடிவில் போயிருந்தால் 2,500 பங்குடன் போவார். இருப்பவரிடம் சரியாக 75%, மயிரிழையில் தப்பிப்பு. ஒரு மாதம் கழித்துப் போனால் 2,604. இருப்பவரின் 7,396 பங்கு 75%-ஐத் தொடாது, பழைய முட்டுக்கட்டை திரும்ப வரும். பாதிப் பாதியாகப் பிரிக்கும் இருவர், விலகியவரின் சம்பாதித்த பங்கு எந்தப் பக்கம் வாக்களிக்கும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கூட்டாளி ஒப்பந்தத்தில் பலரும் மறக்கும் வாசகம் இது.

வருமான வரியும் கவனிக்க வேண்டியது. விலகும் நாளில் ஒரு பங்கின் மதிப்பு ₹200 என்றால், 3,542 பங்கை ₹10-க்கு வாங்குபவருக்கு வித்தியாசம் ₹6,72,980. இந்த வித்தியாசம் ₹50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வாங்குபவரின் வருமானமாக வரிக்கு வரலாம். விற்பவருக்கும் சந்தை விலைக்கு விற்றதாகவே மூலதன ஆதாயம் கணக்கிடப்படலாம். யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே முடிவு செய்து, கைமாற்றுக்கு முன் ஆடிட்டரிடம் மதிப்பீடு வாங்கிவிடுங்கள். சரி, நிறுவனமே வாங்கிக்கொள்ளட்டும் என்றால், பைபேக்குக்குச் செலுத்திய மூலதனமும் இருப்பும் சேர்ந்ததில் 25% என்ற வரம்பு குறுக்கே நிற்கும்.

கிளிஃபுக்கு முன்பே ஒருவர் போனால் இன்னொரு சிக்கல்: பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர் வேண்டும். 10,000 பங்கையும் ஒருவரே வாங்கிவிடாமல், ஒரு பங்கையாவது அம்மா பெயரிலோ அண்ணன் பெயரிலோ மாற்றச் சொல்லும் வாசகம் தேவை. புது இயக்குநர் ஒருவரையும் நியமிக்க வேண்டும்.

எழுதிய கோடு யாருடையது? நிறுவனம் பதிவாகும் முன்பு எழுதியது எழுதியவருடையதே. எழுத்தில் மாற்றித் தர வேண்டும், அதில் காலமும் நிலப்பரப்பும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும்.

இதெல்லாம் முத்திரைத்தாள் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் போதாது. ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் வழக்கில், ஒரு குடும்ப நிறுவனத்தில் பங்கை யாருக்கு முதலில் விற்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். நிறுவனத்தின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் அது இல்லாததால் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பங்கு மாற்றக் கட்டுப்பாட்டைப் பதிவின்போதே ஆர்ட்டிகிள்ஸில் சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்க்க நினைத்தால் அதற்கும் சிறப்புத் தீர்மானம் தேவை; விலகிப் போனவரிடம் 50% இருந்தால் அது நிறைவேறாது.