லீகல் ஒப்பீனியனைச் சுருக்க மூன்று வழிகள்: ஒரு கிரவுண்ட் மனையை வைத்து ஓர் ஒப்பீடு

வக்கீல் ஏழெட்டுப் பக்கத்துக்கு லீகல் ஒப்பீனியன் கொடுத்திருப்பார். மனை வாங்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அட்வான்ஸ் கொடுக்கலாமா, கூடாதா? அந்தக் கேள்விக்கு விடை தரும்படி ஒப்பீனியனை ஒரு பக்கத்துக்குச் சுருக்க மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மனையில் பொருத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மாதிரிக்கு, செங்கல்பட்டுப் பக்கம் 2,400 சதுர அடி மனை. முதல் உரிமையாளர் 1986-ல் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 1998-ல் காலமானார். அவருடைய தாயார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். வாரிசுகள் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். 2011-ல் மனைவியும் மகன்களும் மட்டும் கையெழுத்துப் போட்டு, இப்போது விற்க வந்திருப்பவருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டார்கள். ஒப்பீனியனில் நமக்கு முக்கியமான வாக்கியங்கள் நான்கு:

"எமது பார்வைக்கு வைக்கப்பட்ட நகல்கள் அசலுக்கு ஒத்தவை எனக் கொள்ளப்படுகிறது."

"காலமானவர் உயில் ஏதும் எழுதி வைக்காத நிலையில், சொத்து அவருடைய வாரிசுகளைச் சேர்கிறது."

"1-1-1986 முதல் 28-2-2025 வரையிலான வில்லங்கச் சான்றில் வில்லங்கம் ஏதும் காணப்படவில்லை."

"மகள் தன் பாகத்தைப் பதிவுப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்கும் பட்சத்தில், விற்பவருக்குத் தெளிவான, விற்கத்தக்க உரிமை உண்டு."

முதல் வழி: இருக்கிற வரிசையிலேயே சுருக்குவது

பலரும் செய்வது இதுதான். பத்திரப் பட்டியல், உரிமை வந்த வழி, வில்லங்கம், முடிவு என்று வக்கீல் போன தடத்திலேயே போய் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக்குவது. வேகமாக முடியும், எதுவும் விட்டுப்போகாது.

ஆனால் சுருக்கும்போது முதலில் உதிர்வது "எனக் கொண்டு", "பட்சத்தில்", "நிலையில்" போன்ற ஒட்டுச் சொற்கள்தான். ஒப்பீனியனின் பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. "வில்லங்கம் காணப்படவில்லை" என்பது "வில்லங்கம் இல்லை" என்று ஆகிவிடும். முதலாவது, தேடிய காலத்துக்குள், தேடிய சர்வே எண்ணில், பதிவான எதுவும் கண்ணில் படவில்லை என்று சொல்கிறது. இரண்டாவது, மனையின் பேரில் கடனே கிடையாது என்று சொல்கிறது. அசல் பத்திரத்தை ஒருவரிடம் ஒப்படைத்துக் கடன் வாங்கி, அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வில்லங்கச் சான்றில் அது வராது. வக்கீல் சொல்லாத உறுதியைச் சுருக்கியவர் சொன்னதாக ஆகிவிடுகிறது.

இரண்டாம் வழி: மூன்று கட்டம்

அனுமானம், முடிவு, எச்சரிக்கை என்று மூன்று கட்டம் போட்டு வாக்கியங்களைப் பிரித்து வைப்பது. முதல் வழியைவிட இது எவ்வளவோ மேல். நகல் பற்றிய வாக்கியம் அனுமானக் கட்டத்துக்குப் போகும். உயில் பற்றியதும் அங்கேதான் போக வேண்டும். அது முடிவு போல எழுதப்பட்டிருந்தாலும், உயில் இல்லை என்பதை வக்கீல் கண்டுபிடிக்கவில்லை, இல்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார். இப்படி ஒளிந்திருக்கும் அனுமானத்தை வெளியே எடுப்பதுதான் இந்த முறையின் பலம்.

சிக்கல் வருவது நான்காவது வாக்கியத்தில். "உரிமை உண்டு" என்ற பாதி முடிவுக் கட்டத்துக்கும், "மகள் எழுதிக் கொடுக்கும் பட்சத்தில்" என்ற பாதி எச்சரிக்கைக் கட்டத்துக்கும் போய்விடும். படிக்கிறவர் முடிவுக் கட்டத்தைப் பார்த்துத் திருப்தியாகிவிடுவார். எச்சரிக்கைக் கட்டத்தில் "பட்டாவைப் பெயர் மாற்றிக்கொள்ளவும்", "வீட்டு வரி ரசீது பெறவும்" போன்றவற்றுக்கு நடுவில் மகளின் பங்கும் ஒரு வரியாகக் கிடக்கும்.

உண்மையில் அது எச்சரிக்கையே இல்லை. முடிவு மாறும் இடம். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த நான்கு வாரிசுகளுக்கும் சம பங்கு. மூவர் போட்ட கையெழுத்தில் நகர்ந்தது முக்கால் பங்குதான். மகளின் கால் பங்கு, அதாவது 600 சதுர அடிக்குச் சமமான பாகம், இன்னும் அவரிடமே இருக்கிறது. மனை பிரிக்கப்படாததால் அந்த 600 அடி எந்த மூலை என்று காட்டவும் முடியாது. ஆகவே இன்றைய தேதியில் வக்கீலின் முடிவு "விற்பவருக்கு முழு உரிமை இல்லை" என்பதே. கட்டம் பிரித்த கை இதைத் தலைகீழாக்கிவிட்டது.

மூன்றாம் வழி: முடிவைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவது

இதில் முதல் வரியில் இன்றைய நிலையில் முடிவு என்ன என்று எழுதுகிறோம். அதன் கீழே, அந்த முடிவு எதன்மேல் நிற்கிறது, அது தவறானால் என்ன ஆகும், யார் சரிபார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கோக்கிறோம். நம் மனைக்கு இப்படி வரும்:

*இன்றைய நிலை:* முழு மனையையும் விற்க இவருக்கு உரிமை இல்லை. மகள் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் உரிமை முழுமையாகும். அதற்கு முன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

*உயில்:* இல்லை என்று வைத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஒருவேளை இருந்தால் வாரிசுக் கணக்கே மாறி, 2011 கிரயமும் ஆட்டம் காணும். வில்லங்கச் சான்று இதில் உதவாது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு செய்தாலும் அது சார்பதிவாளர் அலுவலகத்தின் 3-ம் புத்தகத்தில் ஏறும், வில்லங்கச் சான்று எடுப்பது 1-ம் புத்தகத்திலிருந்து. மகள் எழுதித் தரும் பத்திரத்திலேயே "தகப்பனார் உயில் எழுதவில்லை" என்ற வாசகத்தைச் சேர்க்கச் சொல்லலாம்.

*நகல்கள்:* 1986, 2011 பத்திரங்களின் அசலை நேரில் பார்க்க வேண்டும். அசல் விற்பவர் கையில் இல்லை என்றால் அது எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. பதிவாகாத அடமானம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிடிபடும்.

*வில்லங்கம்:* 28-2-2025 வரை மட்டும். பதிவு நாளுக்கு முந்தைய நாள் வரை புதிதாக எடுக்க வேண்டும். சர்வே எண் இடையில் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேட வேண்டும்.

இந்த முறையில் ஒவ்வொரு அனுமானமும் தான் தாங்கும் முடிவோடு ஒட்டியே இருக்கிறது. வாங்குபவர் தானே சரிபார்க்கக்கூடியதும், வக்கீலின் வரம்புக்கு வெளியே இருப்பதும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆனால் உழைப்பு அதிகம். ஒப்பீனியனை இரண்டு முறை முழுக்கப் படித்து, ஒவ்வொரு "பட்சத்தில்"-ஐயும் அடிக்கோடிட்டு, அது எந்த முடிவுக்குச் சொந்தம் என்று அம்புக்குறி போட்ட பிறகுதான் எழுத உட்கார முடியும். சுருக்குகிறவர் அம்புக்குறியைத் தவறான இடத்தில் போட்டால் முதல் வரியே தவறாகிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் முதல் வரியை மட்டுமாவது வக்கீலிடம் படித்துக் காட்டி, "இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டுவிட வேண்டும்.

நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவதைத்தான். ஆனால் நிபந்தனையே இல்லாத ஒப்பீனியன் என்றாலும், இரண்டு மூன்று மனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாலும் மூன்று கட்டமே வசதி. அப்போதும் "பட்சத்தில்" வரும் வாக்கியத்தை இரண்டாக உடைக்காமல், முழுசாக முடிவுக் கட்டத்திலேயே வையுங்கள்.

எந்த வழியில் சுருக்கினாலும் தலைப்பில் இரண்டு விவரம் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, ஒப்பீனியனின் தேதி. இன்னொன்று, அது யார் பேருக்கு எழுதப்பட்டது. கடன் கொடுக்கும் வங்கிக்காக எழுதப்பட்ட ஒப்பீனியனின் நகலைத்தான் பலர் கையில் வைத்திருக்கிறார்கள். அதில் வக்கீல் பதில் சொல்வது வங்கியின் கேள்விக்கு. வாங்குபவர் அதை நம்பி நிற்கலாமா என்பதை அந்த வக்கீலிடமே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.